ரிவ்யூவைப் பறிக்கும் மூன்றாம் விதி: போட்டிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டக் கிரிக்கெட் போட்டியை நடத்தும் குழுவின் பொறுப்பாளர்களுக்கு,

அடுத்த ஆண்டுப் போட்டிக்கென்று நீங்கள் அனுப்பியிருக்கும் சுற்றறிக்கையின் மூன்றாவது விதியும் ஐந்தாவது விதியும் இந்த மடலை எழுத வைத்தன. மூன்றாவது விதி, ரிவ்யூ கேட்ட அணிக்குச் சாதகமாகத் தீர்ப்பு மாறாவிட்டால், அது 'அம்பயர்ஸ் கால்', அதாவது களத்தில் நின்ற நடுவர் சொன்னதே நிற்கும் என்று வந்தாலும் அந்த அணி தன் ரிவ்யூவை இழக்கும் என்கிறது. ஐந்தாவது விதி, ஒவ்வொரு 'அம்பயர்ஸ் கால்' முடிவுக்கும் களத்தில் நின்ற நடுவரின் மதிப்பெண்ணில் அரை மதிப்பெண் குறைக்கப்படும் என்கிறது. பதினேழு ஆண்டுகளாகத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பள்ளி மைதானங்களில் வெள்ளைச் சட்டை போட்டு நின்றவன் என்ற முறையில் இந்த இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டும் ஒரே தவறான புரிதலிலிருந்து பிறந்தவை. அந்தப் புரிதலுக்கு இந்த ஆண்டு அரையிறுதியில் நானே ஒரு காரணமாக இருந்தேன் என்பதால், முதலில் அந்த ஆட்டத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பாலக்கோட்டுப் பக்கத்து அணியும் அரூர்ப் பக்கத்து அணியும் ஆடிய முப்பது ஓவர் ஆட்டம் அது. தேங்காய் நார் மேட் விரித்த ஆடுகளம், லெதர் பந்து, அணிக்கு ஒரே ஒரு ரிவ்யூ. அரூர் அணி இரண்டாவதாக ஆடிக்கொண்டிருந்தது. பத்தொன்பதாவது ஓவரில் பாலக்கோட்டு ஆஃப் ஸ்பின்னர் வீசிய பந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து உள்ளே திரும்பி, நன்றாக முன்னால் வந்து தடுத்த வலக்கை ஆட்டக்காரரின் முன்காலில் பட்டது. எல்லோரும் கத்தினார்கள். நான் நாட் அவுட் என்றேன். கால் நீண்டு வந்திருந்தது, பந்து முழங்காலை ஒட்டிப் பட்டது, நார் மேட்டில் பந்து எப்போதும் எகிறும், ஆகவே ஸ்டம்புக்கு மேலே போயிருக்கும் என்ற ஐயம் எனக்கு இருந்தது. இன்று கேட்டாலும் அதே முடிவைத்தான் சொல்வேன்.

பாலக்கோட்டு கேப்டன் ரிவ்யூ கேட்டார். மூன்றாவது நடுவராக உட்கார வைக்கப்பட்டிருந்தவர் நேரலைக்காக மாடியில் பொருத்தியிருந்த கைப்பேசியில் அந்தக் காட்சியைத் திருப்பித் திருப்பி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "கிளியராத் தெரியல, அம்பயர்ஸ் கால்னு வச்சுக்கோங்க" என்று ஒலிபெருக்கியில் சொன்னார். என் முடிவு நின்றது. அவர்களுடைய ரிவ்யூ போனது.

இருபத்தெட்டாவது ஓவரில் அதே ஆட்டக்காரர் வேகப்பந்து ஒன்றைத் தொட முயன்றார், கீப்பர் பிடித்தார். எல்லைக் கோட்டில் பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டையில் பட்ட சத்தம் கேட்கவில்லை, பந்து திசை மாறியதும் தெரியவில்லை. நாட் அவுட் என்றேன். கேப்டன் இரண்டு கைகளையும் டி வடிவத்தில் உயர்த்தினார். "உங்ககிட்ட ரிவ்யூ இல்லப்பா" என்று அவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அரூர் அணி இரண்டு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. ஆட்டம் முடிந்து கைகொடுக்க வந்த அந்த ஆட்டக்காரரே, "லேசாப் பட்டுச்சு சார்" என்றார். அந்த இரண்டாவது முடிவு என் தவறு. அதற்காக எத்தனை மதிப்பெண்ணை வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் ஐந்தாவது விதிப்படி எனக்கு மதிப்பெண் குறையப்போவது, நான் தவறு செய்ததாக யாராலும் காட்ட முடியாத முதல் முடிவுக்குத்தான். தவறு செய்த இரண்டாவது முடிவு ரிவ்யூவுக்கே போகாததால் உங்கள் கணக்கில் ஏறவேயில்லை.

அம்பயர்ஸ் கால் என்பது என்ன என்று பார்ப்போம். பன்னாட்டுப் போட்டிகளில் எல்.பி.டபிள்யூ. ரிவ்யூ போனால் திரையில் மூன்று வரிகள் வரும்: பந்து எங்கே விழுந்தது, காலில் எங்கே பட்டது, ஸ்டம்பில் படுமா. இவற்றில் முதலாவதில் அம்பயர்ஸ் கால் கிடையாது. பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்தால் நாட் அவுட், அவ்வளவுதான். அடுத்த இரண்டில் உண்டு. கிரிக்கெட் பந்தின் விட்டம் ஏழு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். மூன்று ஸ்டம்புகளும் சேர்ந்த அகலம் சுமார் 23 சென்டிமீட்டர், உயரம் 71 சென்டிமீட்டர். பந்தின் மையப் புள்ளி இந்தச் செவ்வகத்துக்குள் வந்தால், அதாவது பந்தில் பாதிக்கு மேல் ஸ்டம்பில் பட்டால், நடுவர் நாட் அவுட் சொல்லியிருந்தாலும் அது அவுட்டாக மாறும். பந்து ஸ்டம்பைத் தொடவே தொடாது என்று காட்டினால், நடுவர் அவுட் சொல்லியிருந்தாலும் அது நாட் அவுட்டாகும். இரண்டுக்கும் நடுவே, பந்து உரசுகிறது, ஆனால் பாதிக்கும் குறைவாக உரசுகிறது என்ற ஒரு மெல்லிய பட்டை இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்றரை சென்டிமீட்டர் அளவுதான். அந்தப் பட்டைக்குள் பந்து வந்தால் களத்தில் நின்றவர் சொன்னதே நிற்கும். அவர் அவுட் சொல்லியிருந்தால் அவுட், நாட் அவுட் சொல்லியிருந்தால் நாட் அவுட்.

ஒரே பந்து ஒருவருக்கு அவுட்டாகவும் இன்னொருவருக்கு நாட் அவுட்டாகவும் ஆகலாமா என்ற கோபம் இங்கேதான் வருகிறது. 2023 அக்டோபர் 27 அன்று சேப்பாக்கத்தில் பாகிஸ்தானும் தென்னாப்பிரிக்காவும் ஆடிய உலகக் கோப்பை ஆட்டத்தைக் காவேரிப்பட்டணத்தில் ஒரு டீக்கடையில் நின்று பார்த்தேன். தென்னாப்பிரிக்காவின் கடைசி விக்கெட் ஜோடி ஆடிக்கொண்டிருந்தபோது ஹாரிஸ் ரவூஃப் வீசிய பந்து தப்ரைஸ் ஷம்சியின் காலில் பட்டது. நடுவர் நாட் அவுட் என்றார், பாகிஸ்தான் ரிவ்யூ கேட்டது, பந்து லெக் ஸ்டம்பை உரசுவதாகத் திரை காட்டியது, அம்பயர்ஸ் கால். ஷம்சி தப்பினார், தென்னாப்பிரிக்கா ஒரு விக்கெட்டில் வென்றது. டீக்கடையே கொந்தளித்தது. "ஸ்டம்புல படுதுன்னு அதுவே காட்டுதே, அப்புறம் என்னய்யா நாட் அவுட்டு?" என்று கடைக்காரர் என்னைக் கேட்டார், நான்தான் அந்த நடுவர் என்பதுபோல. அதே ஆட்டத்தில் அதற்கு முன்னால் தென்னாப்பிரிக்காவின் வான் டெர் டுசன் களத்தில் அவுட் கொடுக்கப்பட்டு, ரிவ்யூ கேட்டு, அம்பயர்ஸ் கால் என்று வந்ததால் வெளியேறியிருந்தார். அப்போது கடையில் யாரும் வாய் திறக்கவில்லை.

கடைக்காரருக்கு அன்று நான் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். ரிவ்யூ 'இது அவுட்டா?' என்று கேட்பதில்லை. 'களத்தில் நின்றவர் சொன்னது தெளிவாகத் தவறா?' என்று மட்டுமே கேட்கிறது. எல்.பி.டபிள்யூ.வில் பந்து உண்மையில் ஸ்டம்புக்குப் போகவே இல்லை, காலில் பட்டு நின்றுவிட்டது. அதன் பிறகு திரையில் ஓடுவது கணிப்பு. மைதானத்தைச் சுற்றி வெவ்வேறு கோணங்களில் பொருத்திய கேமராக்கள் நொடிக்கு நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்து, பந்து வந்த பாதையை அளந்து, அதை அப்படியே நீட்டிக் காட்டுகின்றன. அளவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் நீட்டும்போது சிறு பிழை வளரும். பந்து தரையில் பட்ட இடத்துக்கும் காலில் பட்ட இடத்துக்கும் இடைவெளி குறைந்தால் அளக்கக் கிடைத்த பாதை குறுகும். காலுக்கும் ஸ்டம்புக்கும் இடைவெளி கூடினால் கணிக்க வேண்டிய பாதை நீளும். இந்த நிலையில் மூன்று சென்டிமீட்டர் உரசலை வைத்து நடுவரின் தீர்ப்பை மாற்றுவதற்குக் கணிப்புக்கு வலு போதாது என்பதைத்தான் அம்பயர்ஸ் கால் ஒப்புக்கொள்கிறது. நம் ஊரில் நிலம் அளக்க வருபவர் சங்கிலி பிடிக்கும்போது விரற்கடை வித்தியாசம் வந்தால் பழைய எல்லைக் கல்லைப் பிடுங்கி நட மாட்டார். சங்கிலியின் தொய்வே அவ்வளவு இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

இந்தப் பட்டையின் அளவு மாறாதது என்றும் நினைக்க வேண்டாம். 2016 வரை பந்தின் மையம் ஆஃப் ஸ்டம்பின் நடுவிலிருந்து லெக் ஸ்டம்பின் நடு வரையுள்ள பகுதிக்குள் வர வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அது ஸ்டம்புகளின் வெளி விளிம்பு வரை விரிந்தது. 2021-இல் உயரத்திலும் ஸ்டம்பின் உச்சி வரை உயர்த்தப்பட்டது. இயந்திரத்தின் மீது நம்பிக்கை கூடக் கூட நடுவருக்கான பட்டையைக் குறுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இதே 2021-இல் விராட் கோலி, பந்து ஸ்டம்பில் படுகிறது என்றால் அவுட் என்றே இருக்க வேண்டும் என்று வாதிட்டார். அந்த வாதத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அனில் கும்ப்ளே தலைமையிலான ஐ.சி.சி. கிரிக்கெட் குழு அதைப் பரிசீலித்து, தொழில்நுட்பத்தில் கணிப்பு கலந்திருக்கும் வரை அம்பயர்ஸ் கால் தொடர வேண்டும் என்றே முடிவு செய்தது. அதில் எந்த இடத்திலும் அம்பயர்ஸ் கால் வந்தால் நடுவர் பிழை செய்தார் என்ற பொருள் இல்லை. பந்து உரசியும் நாட் அவுட் சொன்னவரும் உரசலுக்கு அவுட் சொன்னவரும் ஒரே அளவில் சரியானவர்கள் என்பதே அதன் பொருள். அப்படியிருக்க, ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் குறைப்பது எந்தக் கணக்கில் சேரும்?

அடுத்தது, நம் மைதானத்தில் அரையிறுதியன்று அறிவிக்கப்பட்டது அம்பயர்ஸ் காலே இல்லை. பந்தின் பாதையை அளக்கும் கருவி இருக்கும் இடத்தில்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. பந்து ஸ்டம்பை உரசுகிறது என்று தெரிந்த பிறகு வரும் முடிவு அது. நம் மூன்றாவது நடுவருக்கு எதுவுமே தெரியவில்லை. 'தெரியவில்லை' என்பதற்கு அவர் ஒரு பெரிய பெயரை வைத்தார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் இடத்தில் யார் இருந்தாலும் அந்தக் காட்சியில் எதையும் பார்த்திருக்க முடியாது. ஏன் என்பதை அளந்தே பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னிடம் பயிற்சிக்கு வரும் ஒரு பையனோடு மைதானத்துக்குப் போய் டேப் வைத்து அளந்தேன். கைப்பேசி பொருத்திய மாடி, பேட்டிங் முனை ஸ்டம்பிலிருந்து 60 மீட்டர் தொலைவில் இருக்கிறது. நேர்க்கோட்டில் புளியமரம் மறைக்கிறது என்பதால் கைப்பேசியை வலப்பக்கம் 4 மீட்டர் தள்ளி வைத்திருந்தார்கள். தரையிலிருந்து உயரம் சுமார் 8 மீட்டர். முன்னால் வந்து ஆடும் ஆட்டக்காரரின் காலில் பந்து ஸ்டம்புக்கு 2 மீட்டர் முன்னால் படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிக்கும் அந்தக் காலுக்கும் இடையே 58 மீட்டர். 58 மீட்டரில் 4 மீட்டர் சாய்ந்து வரும் பார்வைக் கோடு, மீதி 2 மீட்டரில் இன்னும் சுமார் 14 சென்டிமீட்டர் சாயும். அதாவது நடு ஸ்டம்புக்கு நேராகக் காலில் பட்ட பந்து, மாடியிலிருந்து பார்க்கும்போது 14 சென்டிமீட்டர் இடப்பக்கம் தள்ளித் தெரியும். ஸ்டம்பின் பாதி அகலம் பதினொன்றரை சென்டிமீட்டர்தான். ஆகவே வலக்கை ஆட்டக்காரருக்கு நடு ஸ்டம்புக்கு நேரே பட்ட பந்து, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பட்டதாகக் காட்சி சொல்லும்.

உயரத்தில் இதைவிட மோசம், அதுவும் எதிர்த் திசையில். எட்டு மீட்டர் மேலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கும்போது, காலில் 70 சென்டிமீட்டர் உயரத்தில் பட்ட பந்து ஸ்டம்பின் மீது சுமார் 45 சென்டிமீட்டர் உயரத்தில் படுவதுபோலத் தெரியும். எகிறி ஸ்டம்புக்கு மேலே போக வேண்டிய பந்து நடு ஸ்டம்பைப் பெயர்ப்பதுபோல இருக்கும். ஒரே காட்சி பக்கவாட்டில் பந்துவீச்சாளரையும் உயரத்தில் ஆட்டக்காரரையும் ஏமாற்றுகிறது. இதற்கு மேல், கைப்பேசி நொடிக்கு 30 படங்கள்தான் எடுத்தது. மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சுழல்பந்து ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 65 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். வேகப்பந்து என்றால் ஒரு மீட்டர். பந்து காலில் பட்ட நொடி அந்தப் பதிவிலேயே இல்லாமல் இருக்கலாம். இன்னொரு முனையிலிருந்து வீசும் ஓவர்களுக்கு இதே கைப்பேசி கீப்பரின் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் பார்க்கிறது. அந்த ஓவர்களில் எல்.பி.டபிள்யூ. ரிவ்யூ கேட்பதும் சீட்டுக் குலுக்கிப் போடுவதும் ஒன்றுதான்.

இப்படி ஒரு காட்சியைப் பார்த்துவிட்டு, 'தெரியவில்லை' என்ற காரணத்துக்காக ஓர் அணியின் ஒரே ரிவ்யூவைப் பிடுங்குவதைத்தான் உங்கள் மூன்றாவது விதி எழுத்தில் கொண்டுவந்து நிரந்தரமாக்குகிறது.

பன்னாட்டுக் கிரிக்கெட்டும் இதே தவறைச் செய்தது என்பதை மறைக்க மாட்டேன். ரிவ்யூ முறை 2008-இல் இந்தியா இலங்கையில் ஆடிய டெஸ்ட் தொடரில் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டு, 2009-இல் முறைப்படி வந்தது. பல ஆண்டுகள் அம்பயர்ஸ் கால் வந்தாலும் ரிவ்யூ போய்க்கொண்டுதான் இருந்தது. 2017-இல்தான் அதை மாற்றினார்கள். டெஸ்டில் எண்பது ஓவர் முடிந்தால் ரிவ்யூக்கள் மீண்டும் நிரம்பும் சலுகையை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக, அம்பயர்ஸ் கால் வந்தால் ரிவ்யூ அணியிடமே தங்கும் என்றார்கள். இந்தப் பரிமாற்றத்தைக் கவனியுங்கள். வீணாகக் கேட்பவனுக்குத் தரும் தாராளத்தைக் குறைத்து, நியாயமாகக் கேட்டவனைத் தண்டிப்பதை நிறுத்தினார்கள். பந்து ஸ்டம்பில் படுகிறது என்று ஒரு கேப்டன் நினைத்தார், அது உண்மையிலேயே படுகிறது என்று இயந்திரமும் சொல்கிறது, பிறகு எதற்காக அவருக்குத் தண்டனை என்பதே அந்த மாற்றத்தின் வாதம். சேப்பாக்கத்தில் ஷம்சி தப்பியபோதுகூடப் பாகிஸ்தான் விக்கெட் எடுக்கும் வாய்ப்பைத்தான் இழந்தது, ரிவ்யூவை இழக்கவில்லை. உலகம் கைவிட்ட விதியை நாம் இப்போது எடுத்துக்கொள்கிறோம்.

ரிவ்யூக்கள் வீணடிக்கப்படுகின்றன, ஆட்டம் தாமதமாகிறது என்ற உங்கள் கவலை எனக்கும் உண்டு. காலிறுதி ஒன்றில் முதல் ஓவரின் இரண்டாவது பந்திலேயே ரிவ்யூவைத் தொலைத்த அணியை நான் பார்த்தேன். ஆனால் அணிகள் ரிவ்யூவை இழப்பது பெரும்பாலும் நூலிழை வித்தியாசத்தில் இல்லை. பந்து எங்கே விழுந்தது என்பதை யாரும் கவனிக்காததால் இழக்கிறார்கள். பந்துவீச்சாளர் வீசி முடித்துத் தடுமாறிச் சாய்ந்துகொண்டிருப்பார், அவர் கண்ணுக்குக் காலில் பட்டது மட்டும் தெரியும். அவருக்கு எல்லாமே அவுட். கீப்பருக்குத் திசை நன்றாகத் தெரியும், உயரம் அவ்வளவாகத் தெரியாது. உயரத்தைச் சொல்ல வேண்டியவர் பக்கவாட்டில் நிற்கும் பாயிண்ட் ஃபீல்டரும் ஸ்கொயர் லெக் ஃபீல்டரும். நம் அணிகளில் அவர்களை யாரும் கேட்பதே இல்லை. கேப்டன் பந்துவீச்சாளரின் முகத்தைப் பார்த்துக் கையைத் தூக்குகிறார்.

பெரிய அணிகளும் இதில் விலக்கு இல்லை. 2019 ஆகஸ்ட் 25 அன்று லீட்ஸ் நகரின் ஹெடிங்லி மைதானத்தில் இங்கிலாந்தின் கடைசி ஜோடியை ஆஸ்திரேலியா விரட்டிக்கொண்டிருந்தது. பதற்றத்தில் ஜாக் லீச்சுக்கு எதிராகக் கடைசி ரிவ்யூவைக் கேட்டார்கள். பேட் கம்மின்ஸ் வீசிய அந்தப் பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்திருந்தது. கேட்கவே கூடாத ரிவ்யூ அது. சிறிது நேரத்தில் நேதன் லயன் வீசிய பந்து பென் ஸ்டோக்ஸின் காலில் பட்டது, நடுவர் நாட் அவுட் என்றார். பந்து ஸ்டம்பில் பட்டிருக்கும் என்று பிறகு திரையில் காட்டினார்கள். கேட்பதற்கு ஆஸ்திரேலியாவிடம் ரிவ்யூ இல்லை. இங்கிலாந்து ஒரு விக்கெட்டில் வென்றது. அங்கே தண்டனை கிடைத்தது சரி, ஏனென்றால் முதல் ரிவ்யூ கண்ணை மூடிக்கொண்டு கேட்டது. பாலக்கோட்டு கேப்டனின் நிலை வேறு. அவர் கேட்டது நியாயமான ஐயம். அவருக்குப் பதில் சொல்லும் கருவி நம்மிடம் இல்லை என்பதற்கு அவர் விலை கொடுத்தார். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறது உங்கள் விதி.

தாமதத்தைக் குறைக்க ரிவ்யூவைப் பறிக்க வேண்டியதில்லை, கடிகாரம் போதும். பன்னாட்டு விதிப்படி பந்து ஆட்டத்திலிருந்து நின்ற பிறகு 15 நொடிக்குள் கேட்க வேண்டும், வெளியிலிருந்து சைகை வரக்கூடாது. அரையிறுதியில் எல்லைக் கோட்டிலிருந்து யாரோ கைப்பேசியில் நேரலையைப் பார்த்துவிட்டு "கேளுடா, கேளு" என்று கத்திய பிறகே ரிவ்யூ கேட்கப்பட்டது. அன்று நான் அதைத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கும் அதிகாரம் எனக்கு இருக்கிறதா என்பதே உங்கள் விதிப் புத்தகத்தில் இல்லை.

என் கோரிக்கைகள் இவை. மூன்றாவது விதியைத் திரும்பப் பெறுங்கள். தீர்ப்பை மாற்றவும் உறுதிசெய்யவும் போதிய ஆதாரம் காட்சியில் இல்லையென்றால், மூன்றாவது நடுவர் 'ஆதாரம் போதாது' என்று அறிவிக்கட்டும், களத்தின் தீர்ப்பு நிற்கட்டும், ரிவ்யூ அணியிடமே இருக்கட்டும். அம்பயர்ஸ் கால் என்ற சொல்லை, பந்தின் பாதையை அளக்கும் கருவி நம்மிடம் வரும் வரை யாரும் பயன்படுத்த வேண்டாம். அது வரை எல்.பி.டபிள்யூ.வில் ஸ்டம்பில் படுமா என்ற கேள்வியை ரிவ்யூவிலிருந்து முழுவதுமாக எடுத்துவிடுங்கள். மட்டையில் பட்டதா, பிடி சுத்தமா, ரன் அவுட், ஸ்டம்பிங் ஆகியவற்றுக்கு மட்டும் ரிவ்யூ போதும். அன்றைய ஆட்டத்தைத் தீர்மானித்ததும் அந்த வகைப் பிழைதான்.

கைப்பேசியை மாடியிலிருந்து இறக்கி, இரண்டு முனைகளிலும் சைட் ஸ்கிரீனுக்கு நடுவே, நடு ஸ்டம்புகளின் நேர்க்கோட்டில், நடுவரின் தலைக்குச் சற்று மேலான உயரத்தில் ஒவ்வொன்று வையுங்கள். இரண்டிலும் நொடிக்கு 120 படங்களுக்குக் குறையாத பதிவை வைக்கச் சொல்லுங்கள், இன்று பல கைப்பேசிகளில் அந்த வசதி இருக்கிறது. மட்டையில் பட்ட சத்தத்தைப் பதிய ஸ்டம்புக்குப் பின்னால் தரையில் ஒரு மைக் வேண்டும். 60 மீட்டர் தொலைவில் இருக்கும் கைப்பேசியை நம்பினால், சத்தம் வந்து சேர ஆறில் ஒரு பங்கு நொடிக்கு மேலாகும். அதற்குள் பந்து கீப்பரின் கையுறையை நெருங்கியிருக்கும், சத்தம் மட்டையிலா கையுறையிலா என்று சண்டை வரும். புளியமரத்தை வெட்ட வேண்டாம், ஆடுகளத்தின் நார் மேட்டை நான்கு மீட்டர் தள்ளி விரித்தால் போதும்.

ரிவ்யூ கேட்க 15 நொடி என்றும், வெளியிலிருந்து சைகை வந்தால் ரிவ்யூவை மறுக்கும் அதிகாரம் களநடுவருக்கு உண்டு என்றும் எழுத்தில் தாருங்கள். ஐந்தாவது விதியை நீக்கிவிட்டு, தெளிவாகத் தவறு என்று மாற்றப்பட்ட முடிவுகளை மட்டும் நடுவரின் கணக்கில் எழுதுங்கள். அந்தக் கணக்கில் என் பெயருக்கு நேராக இருபத்தெட்டாவது ஓவரின் முடிவை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம், அதை நான் கையெழுத்திட்டு ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த ஆண்டின் அட்டவணை முடிவாவதற்கு முன்னால் நடுவர்களையும் அணிக் கேப்டன்களையும் அழைத்து இது பற்றி ஒரு கூட்டம் நடத்த வேண்டும். டேப்பையும் அளவுகள் எழுதிய தாளையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். அதற்குள் மூன்றாவது விதியும் ஐந்தாவது விதியும் மாறவில்லை என்றால், ரிவ்யூ உள்ள ஆட்டங்களில் நடுவராக நிற்க என் பெயரைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். லீக் ஆட்டங்களுக்கு எப்போதும்போல வருவேன்.

இப்படிக்கு,
உங்கள் போட்டிகளில் பதினேழு ஆண்டுகளாக நிற்கும் நடுவர் ஒருவர்,
காவேரிப்பட்டணம்.